தையல் கடைக்கு வங்கிக் கடன்: மேனேஜர் கேட்ட பிரசன்டேஷனில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: "ஆறு வருஷமா லேடீஸ் டெய்லரிங் கடை வச்சிருக்கேன். ரெண்டு மெஷின், ஒரு ஆள். மாசம் 42,000 வரும். கடைச் செலவு, வீட்டுச் செலவு போக 6,500 மிஞ்சும். ஊர்ல ஒரு ஜவுளிக்கடை மாசம் 100 பிளவுஸ் தைக்கக் கொடுக்கிறேன்னு சொல்றாங்க. இன்னும் ரெண்டு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக் வாங்க, கடையையும் கொஞ்சம் அழகுபடுத்த 3 லட்சம் முத்ரா லோன் கேட்டேன். மேனேஜர் ஒரு பிரசன்டேஷன் மாதிரி தயார் பண்ணிட்டு வாங்கன்னார். அக்கா பையன் 18 ஸ்லைடு செஞ்சு கொடுத்திருக்கான். இது போதுமா?"

பதினெட்டும் வேண்டாம், ஆறு பக்கம் போதும். அதையும் காகிதத்தில் அச்சடித்து எடுத்துப் போங்கள். நான் வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன். சிறு கடன் கேட்டு வருபவர் ஸ்லைடைப் பெரிய திரையில் போட்டுக் காட்டும் வசதி பெரும்பாலான கிளைகளில் கிடையாது. மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, நடுவில் ரெண்டு போன் வர, பத்து நிமிடத்தில் பேசி முடிக்க வேண்டியிருக்கும். நீங்கள் வந்த பிறகு மேனேஜரோ ஃபீல்டு ஆபீசரோ உங்கள் கடன் பற்றி ஒரு மதிப்பீட்டுக் குறிப்பு எழுத வேண்டும். நீங்கள் யார், இப்போது என்ன வருமானம், எதற்குப் பணம், எப்படித் திரும்பி வரும் என்று அதில் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்வதும் அவர்தான். ஆகவே உங்கள் பக்கங்களிலிருந்து அவர் அப்படியே எடுத்து எழுதிக்கொள்ள முடிந்தால் அது நல்ல பிரசன்டேஷன். 'எங்கள் கனவு', 'எங்கள் தொலைநோக்கு', இணையத்திலிருந்து எடுத்த மாடல் அழகிகளின் படங்கள் இவற்றில் எதையும் அவர் அந்தக் குறிப்பில் எழுத முடியாது.

முதல் பக்கத்தில் நான்கைந்து வரி மட்டும். உங்கள் பெயர், கடையின் பெயர், முகவரி, எத்தனை வருடமாக நடக்கிறது, எவ்வளவு கடன், எதற்கு, எத்தனை மாதத்தில் கட்டுவீர்கள். இரண்டாம் பக்கத்தில் கடையின் இரண்டு மூன்று புகைப்படங்கள்: போர்டு தெரிகிற மாதிரி வாசல், உள்ளே மெஷின்கள், தைத்துத் தொங்கவிட்ட துணிகள். அதோடு உத்யம் என்கிற அரசின் சிறுதொழில் பதிவு எண், வாடகை ஒப்பந்தத்தின் தேதி. உத்யம் பதிவு இல்லை என்றால் udyamregistration.gov.in தளத்தில் ஆதார், பான் எண்களை வைத்து நீங்களே செய்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். போர்டில் ஒரு பெயர், உத்யமில் இன்னொரு பெயர், ஆதாரில் இனிஷியல் வேறு என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். போவதற்கு முன்பே சரி செய்துவிடுங்கள்.

மூன்றாம் பக்கம்தான் உங்களைப் போன்ற கடைகள் தடுமாறுகிற இடம். மாதம் 42,000 வருகிறது என்கிறீர்கள். அதிகாரி உங்கள் ஆறு மாத வங்கிக் கணக்கைப் பார்ப்பார். அதில் ஜிபே, போன்பே வழியாக வந்தது, உதாரணத்துக்கு, மாதம் 16,000 மட்டும் இருக்கும். மீதி ரொக்கமாக வந்து, வாடகைக்கும் நூலுக்கும் வீட்டுக்கும் ரொக்கமாகவே போயிருக்கும். உங்களுக்கு அது உண்மையான வருமானம். அவருக்கு அது வெறும் வாய்ச்சொல். இந்த இடைவெளியை நிரப்ப உங்களிடம் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது, உங்கள் பில் புக். பில் எண், வாடிக்கையாளர் பெயர், எத்தனை உருப்படி, கூலி, அட்வான்ஸ், டெலிவரி தேதி, ஓரத்தில் பின் அடித்த துணித் துண்டு எல்லாம் அதில் இருக்கின்றன. கடந்த ஆறு மாத பில்களைக் கூட்டி, மாதவாரியாக ஒரு சின்ன அட்டவணை போடுங்கள்: லைனிங் பிளவுஸ் எத்தனை, சுடிதார் எத்தனை, ஃபால், பீகோ, ஆல்டரேஷன் எவ்வளவு. பக்கத்திலேயே ஒரு பில்லின் புகைப்படத்தை ஒட்டுங்கள். பில் புத்தகங்களைக் கையோடு எடுத்துப் போங்கள். துணித் துண்டு பின் அடித்த, கசங்கிய, வரிசை எண் விடாத பில் புக்கை யாரும் ஒரே இரவில் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டார்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

அதோடு இந்த வாரத்திலிருந்தே ரொக்க வசூலை வாரம் ஒருமுறை கணக்கில் கட்டத் தொடங்குங்கள். உண்மையில் வந்த தொகையை மட்டும் கட்டுங்கள். விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் தெரிந்தவரிடம் வாங்கி 80,000 போட்டுவிட்டு, அடுத்த வாரம் எடுத்துவிடுபவர்கள் உண்டு. கணக்கைத் திறந்ததும் அதுதான் முதலில் கண்ணில் படும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் சரியான எண்ணைக்கூட நம்பத் தயங்குவார்கள்.

உங்கள் கணக்கை நான் இப்படிப் பிரித்துப் பார்க்கிறேன். எண்கள் என் ஊகம், நீங்கள் உங்கள் பில் புக்கைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். லைனிங் பிளவுஸ் 90, ஒன்றுக்கு 250 வீதம் 22,500. சுடிதார் 40, ஒன்றுக்கு 350 வீதம் 14,000. ஃபால், பீகோ, ஆல்டரேஷன் 5,500. கூட்டினால் 42,000. செலவில் வாடகை 5,000, ஆள் சம்பளம் 10,000, மின்சாரம் 1,200, நூல், லைனிங், கொக்கி 5,300. மொத்தம் 21,500. மிச்சம் 20,500. அதில் வீட்டுக்கு 14,000 எடுத்தால் 6,500 நிற்கிறது. வீட்டுக்கு எடுப்பதை மறைக்காமல் எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் அதிகாரி தானாக ஒரு தொகையைக் கழிப்பார், அது பெரும்பாலும் உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

நான்காம் பக்கத்தில் எதற்குப் பணம் என்பது. இங்கே ஒவ்வொரு வரிக்கும் ஒரு கொட்டேஷன் வேண்டும். ஜிஎஸ்டி எண் உள்ள விற்பனையாளரின் லெட்டர்ஹெட்டில், மெஷின் கம்பெனி, மாடல், விலை, வரி எல்லாம் இருக்க வேண்டும். மெஷின் பணம் பெரும்பாலும் உங்கள் கைக்கு வராது, நேராக விற்பனையாளர் கணக்குக்குப் போகும். அதனால் கொட்டேஷன் கொடுத்த கடை உண்மையில் மெஷின் விற்கிற கடையாக இருக்க வேண்டும். உறவினர் ஒருவரின் கடையிலிருந்து தொகையை ஏற்றி வாங்கிய கொட்டேஷனை விசாரித்தால் அன்றோடு உங்கள் விண்ணப்பம் முடிந்தது. உதாரணமாக, டேபிள், மோட்டாரோடு பவர் மெஷின் இரண்டு, ஒன்று 27,000 வீதம் 54,000. ஓவர்லாக் 33,000. ஸ்டீம் அயர்ன் 9,000. கட்டிங் டேபிள், வயரிங் 24,000. இதுவரை 1,20,000.

மெஷின் மட்டும் வந்தால் தொழில் நடக்காது. ஜவுளிக்கடைக்காரர் துணி கொடுத்து, தைத்து வாங்கிக்கொண்டு, காசு 45 நாள் கழித்துத்தான் தருவார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒன்றரை மாதமும் தைக்கிறவருக்குக் கூலியை நீங்கள் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும். ஒரு பிளவுஸுக்குத் தையல்கூலி 90, நூல் கொக்கி 8, ஆக 98. மாதம் 100 பிளவுஸ், ஒன்றரை மாதம் என்றால் 14,700. தீபாவளிக்கும் தை முகூர்த்தத்துக்கும் முன்னால் லைனிங் துணி மொத்தமாக வாங்கி வைக்க இன்னொரு 15,300. ஆக நடைமுறை மூலதனம் 30,000. மொத்தத் திட்டச் செலவு 1,50,000. அதில் உங்கள் பங்காக 30,000 போட்டால் கடன் 1,20,000.

3 லட்சம் எங்கே போனது என்று கேட்பீர்கள். 'அதிகமாகக் கேள், அவர்கள் வெட்டிக் கொடுப்பார்கள்' என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கலாம். கணக்கே இல்லாமல் கேட்ட தொகையை அதிகாரி வெட்டும்போது, மிச்சம் இருக்கிற எண்களையும் சேர்த்தே சந்தேகப்படுவார். கடையை அழகுபடுத்துவது தவறில்லை. ஆனால் கண்ணாடிக் கதவும் ஃபால்ஸ் சீலிங்கும் மாதத்துக்கு எத்தனை பிளவுஸ் கூடுதலாகக் கொண்டுவரும் என்று காட்ட முடியாது. அதை அடுத்த வருட லாபத்தில் செய்யுங்கள். இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. முத்ராவில் 50,000 வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். உங்களுடையது கிஷோர். அதன் ஆவணப் பட்டியலில் 2 லட்சமும் அதற்கு மேலும் என்றால் இரண்டு வருட பேலன்ஸ் ஷீட், வருமான வரி விவரம் எல்லாம் கேட்கப்படும். வரி தாக்கல் செய்யாத சின்னக் கடைக்கு 1,20,000 கேட்பதில் அந்தத் தலைவலி குறைவு.

இனி ஐந்தாம் பக்கம். இதை மட்டும் நன்றாகச் செய்தால் மற்றவற்றில் சின்னக் குறை இருந்தாலும் பாதகமில்லை. கடன் வந்த பிறகு மாத வரவு செலவு எப்படி இருக்கும் என்பதை இதில் காட்ட வேண்டும். ஜவுளிக்கடை வேலை 100 பிளவுஸ், ஒன்றுக்கு 160 என்றால் 16,000. இப்போது ஆள் இல்லாமல் நீங்கள் திருப்பி அனுப்பும் ஆர்டரில் 40 பிளவுஸ் சேர்த்து எடுத்தால், 250 வீதம் 10,000. கூடுதல் வரவு 26,000. கூடுதல் செலவில் 140 பிளவுஸுக்குத் தையல்கூலி 12,600, நூல், லைனிங் 2,200, மின்சாரம் 700. ஆக 15,500. மிச்சம் 10,500 என்று தோன்றும்.

ஆனால் தையல் தொழில் தெரிந்த அதிகாரி இங்கே ஒரு கேள்வி கேட்பார்: "கட்டிங் யார் பண்ணுவாங்க?" உங்கள் கடையில் கட்டிங் நீங்கள் ஒருவர்தான். 140 பிளவுஸ் கூடினால் ஒரு நாளைக்கு ஐந்தாறு கூடுதல் கட்டிங். ஒன்றுக்கு இருபது நிமிடம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் நீங்கள் தைத்திருக்கக்கூடிய மாதம் 25 பிளவுஸையும் புது ஆட்களிடம் கொடுக்க வேண்டும். அதற்குக் கூலி 2,250. ஆகவே உண்மையான கூடுதல் மிச்சம் 8,250தான். இதை நீங்களே எழுதிக் காட்டினால், தொழிலை உள்ளிருந்து தெரிந்தவர் போட்ட கணக்கு இது என்று அவருக்குப் புரியும். அதே மாதிரி, கட்டிங் செய்து கொடுத்தால் ஒரு தையல்காரர் ஒரு நாளைக்கு நான்கு லைனிங் பிளவுஸ் தைப்பார் என்று வைத்தால், இரண்டு பேர் 25 நாளில் 200 தைக்கலாம். நீங்கள் கணக்கில் எடுத்தது 165தான். புது மெஷின்கள் முதல் வருடமே முழுத் திறனில் ஓடும் என்று காட்டுகிற கணக்கை யாரும் ஏற்பதில்லை, கொஞ்சம் இடம் விட்டுப் போடுவதுதான் சரி.

பழைய 6,500, புதிய 8,250 சேர்த்தால் சாதாரண மாதத்தில் 14,750 மிஞ்சுகிறது. 12 சதவீத வட்டி, 36 மாதம் என்று வைத்தால் 1,20,000 கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 3,990. அதே வட்டியில் 3 லட்சத்துக்கு 9,960. இரண்டுமே 14,750-க்குள் அடங்குவது போலத்தான் தெரியும். இப்போது ஆடி மாதக் கணக்கைப் போடுங்கள். கல்யாணம் இல்லை, பட்டு பிளவுஸ் இல்லை. உங்கள் சொந்த வேலை 52,000-லிருந்து 30,000 ஆகவும், ஜவுளிக்கடை வேலை 10,000 ஆகவும் இறங்கும் என்று வைப்போம். வரவு 40,000. வாடகை 5,000, ஆள் சம்பளம் 10,000, மின்சாரம் 1,600, நூல், லைனிங் 5,000, தையல்கூலி 6,400, ஆக 28,000 போகும். மிச்சம் 12,000. வீட்டுக்கே 14,000 வேண்டும். தவணைக்கு முன்பே 2,000 துண்டு விழுகிறது. 1,20,000 கடன் என்றால் அந்த மாதம் சுமார் 6,000 முந்திய மாதச் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும். 3 லட்சம் என்றால் 12,000 எடுக்க வேண்டும்.

வருடத்தில் இப்படி இரண்டு மந்த மாதம் என்று எடுத்துக்கொண்டால், பத்து மாதத்தில் 1,47,500 வந்து, இரண்டு மாதத்தில் 4,000 போய், வருடத்துக்கு 1,43,500 மிஞ்சும். சிறிய கடனின் வருடத் தவணை சுமார் 47,900, அதாவது கையில் இருப்பது தவணையைப் போல மூன்று மடங்கு. பெரிய கடனின் வருடத் தவணை 1,19,600, கையில் இருப்பது அதைப் போல 1.2 மடங்குதான். பல வங்கிகள் இந்த விகிதம் ஒன்றரைக்கு மேல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். 1.2 என்றால், ஜவுளிக்கடைக்காரர் ஒரு மாதம் பணம் தரத் தாமதித்தாலே தவணை தவறும். எந்த மாதம் மந்தம் என்பது ஊருக்கு ஊர் மாறும். அம்மன் கோயில் திருவிழா பெரிதாக நடக்கும் ஊரில் ஆடியிலேயே வேலை குவியும். அதனால் உங்கள் பில் புக்கில் எந்த மாதம் குறைகிறதோ அந்த மாதத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். மந்த மாதத்தைத் தாங்களே எழுதிக் கொண்டுவரும் விண்ணப்பதாரர் மிகக் குறைவு. எழுதியவரிடம் எனக்கு எப்போதும் நம்பிக்கை கூடியது.

ஆறாம் பக்கம் இணைப்புகளின் பட்டியல். ஆதார், பான், உத்யம் சான்று, வாடகை ஒப்பந்தம், ஆறு மாத வங்கிக் கணக்கு, கொட்டேஷன்கள், ஜவுளிக்கடையின் கடிதம். அந்தக் கடிதத்தை லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். மாதம் எத்தனை, என்ன கூலி, எத்தனை நாளில் பணம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஒரு அதிகாரி அதை உறுதியான வருமானமாக எடுத்துக்கொள்வார், இன்னொருவர் பாதிதான் எண்ணுவார். அது அவரவர் விருப்பம், நம் கையில் இல்லை. அவர் 100-ஐ 50 ஆகக் குறைத்தாலும் தவணை கட்ட முடிகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் போவதற்கு முன் பாருங்கள், உங்கள் கிரெடிட் ரிப்போர்ட். சிபில் போன்ற ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ், தவணையில் வாங்கிய போன் என்று பலதும் அதில் தெரியும். ஏற்கெனவே மாதம் 2,500 குழுக் கடன் கட்டுகிறீர்கள் என்றால் அதையும் ஐந்தாம் பக்கச் செலவில் சேர்த்து எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அவர் கம்ப்யூட்டரில் பார்த்துத் தெரிந்துகொள்வார், அப்போது நீங்கள் எதிரே உட்கார்ந்திருப்பீர்கள்.

எது விதி, எது கிளையின் விருப்பம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குறு, சிறு தொழில்களுக்கு இந்த அளவுக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வீட்டுப் பத்திரம் கொண்டு வாருங்கள் என்றால் அதைச் சொல்லலாம். ஆனால் கடனில் வாங்கும் மெஷின் மேல் வங்கிக்கு உரிமை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அது சொத்து ஈடு ஆகாது, பயப்பட வேண்டாம். வட்டி விகிதமும், உங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்பதும் வங்கிக்கு வங்கி மாறும். நான் போட்ட 12 சதவீதமும் ஐந்தில் ஒரு பங்கும் கணக்குப் புரிவதற்காக மட்டும். முதல் சந்திப்பிலேயே இரண்டையும் கேட்டு, ஐந்தாம் பக்கத்தைத் திருத்தி எழுதிவிடுங்கள்.

பேசி முடித்த பிறகு ஃபீல்டு ஆபீசர் கடையைப் பார்க்க வருவார், சில சமயம் சொல்லாமலே வருவார். புது மெஷின்களுக்கு இடம் எங்கே, கரண்ட் லோடு தாங்குமா என்று பார்ப்பார், பக்கத்துக் கடையில் விசாரிப்பார். நீங்கள் இல்லாத நேரம் வந்தாலும் கடையில் இருக்கும் ஆள் பில் புக்கை எடுத்துக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தைக் கொடுத்ததற்குத் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். குறு, சிறு தொழில்களின் 25 லட்சம் வரையான விண்ணப்பங்களில் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்த நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு ஓடும் என்பதால், குறை இருந்தால் முதல் நாளே கேட்டுக் கொடுத்துவிடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அதை வைத்து எந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.